ஆஸ்பிரின் பற்றிய மூன்று வரிகளைத் தமிழாக்கிய அனுபவம்

சேலத்திலும் ஏற்காட்டிலும் மருந்துக்கடைகளில் நிற்பவர்களுக்காக, குறைந்த அளவு ஆஸ்பிரின் பற்றிய ஒரு பக்கச் சுருக்கத்தைத் தமிழில் தரும் வேலை எங்கள் சிறு குழுவுக்கு வந்தது. நான் மருந்தியல் படித்து, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில் சில காலம் நின்றவள். அங்கே ஆஸ்பிரின் என்று பெயர் சொல்லிக் கேட்பவர் குறைவு. "ரத்தம் கட்டாம இருக்கிற மாத்திரை ஒரு அட்டை குடும்மா" என்பார்கள். சிலர் அதையே "ஹார்ட் மாத்திரை" என்பார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்து வாங்குகிறவர்களும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார், நாமும் சாப்பிட்டால் நல்லதுதானே என்று வாங்குகிறவர்களும் உண்டு. அதனால் இந்த ஒரு பக்கம் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

நாங்கள் எடுத்துக்கொண்டது, அமெரிக்க இதயவியல் கல்லூரியும் அமெரிக்க இதயச் சங்கமும் 2019ல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியின் ஆஸ்பிரின் பகுதி. அதில் இருப்பதே மூன்று வரிதான். 40 முதல் 70 வயதுக்குள், மாரடைப்பு ஆபத்து கூடுதலாகவும் ரத்தப்போக்கு ஆபத்து கூடுதல் இல்லாமலும் இருக்கிற சிலருக்கு, தினம் 75 முதல் 100 மில்லிகிராம் ஆஸ்பிரினை யோசித்துப் பார்க்கலாம் என்பது முதல் வரி. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வழக்கமாக அதைக் கொடுக்கக் கூடாது என்பது இரண்டாவது. எந்த வயதானாலும், ரத்தப்போக்கு ஆபத்து கூடுதலாக உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்பது மூன்றாவது. மூன்றுமே இதுவரை மாரடைப்போ பக்கவாதமோ வராதவர்களைப் பற்றியவை.

ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் இரண்டு குறிகள் இருக்கும். ஒன்று, பரிந்துரையின் வகுப்பு. அதாவது "செய்" என்றோ "செய்யாதே" என்றோ எவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறார்கள் என்பது. இன்னொன்று, சான்றின் நிலை. அதாவது அந்த முடிவுக்குப் பின்னால் இருக்கிற ஆய்வுகளை எவ்வளவு நம்பலாம் என்பது. முதல் வரிக்கு வகுப்பு 2பி, சான்று ஏ. இரண்டாவதற்கு வகுப்பு 3, தீங்கு, சான்று பி-ஆர். மூன்றாவதற்கும் வகுப்பு 3, தீங்கு, சான்று சி-எல்டி. சான்றில் ஏ மிக உயர்ந்த நிலை, பி-ஆர் நடுத்தரம், சி-எல்டி அதற்கும் கீழே.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மிக நல்ல சான்று உள்ள வரிதான் மூன்றிலும் மிகத் தயங்கிச் சொல்லப்பட்ட வரி. 2பி என்றால் பலவீனமான பரிந்துரை. மிகக் குறைந்த சான்று உள்ள மூன்றாவது வரியோ அழுத்தம் திருத்தமாகக் "கூடாது" என்கிறது. இரண்டு அளவுகளும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. ஏற்பாட்டில் இது குறையே இல்லை, சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் படிப்பவருக்கு அது சரியாகப் போய்ச் சேருமா என்பதுதான் எங்கள் முழு வேலையாக ஆனது.

முதல் வரைவை வேண்டுமென்றே மூலத்தின் சொற்களுக்கு நெருக்கமாக வைத்தோம். படிப்பவர் எங்கே இடறுகிறார் என்று தெரிய வேண்டும் என்பதற்காக. அம்மாப்பேட்டை, அஸ்தம்பட்டி, ஏற்காடு என்று சில கடைகளில் நிற்பவர்களிடம் அந்த வரைவைக் கொடுத்து, "புரிந்ததா?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாகக் கற்பனையாக மூன்று பேரை உருவாக்கி, இவர் வந்து நின்றால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டோம். ஒருவர் 74 வயதுப் பெரியவர், ஸ்டென்ட் வைத்தவர், தினம் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர். இன்னொருவர் 72 வயது அம்மா. காபித் தோட்டத்தில் வேலை பார்த்தவர், நெஞ்சு வலி எதுவும் வந்ததில்லை, தானாக வாங்கி ஆஸ்பிரின் சாப்பிடுகிறார், முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக்கும் எடுக்கிறார். மூன்றாமவர் 52 வயது, வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவர், சர்க்கரை உண்டு, புகைப்பார், "நானும் ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்கிறார்.

முதல் பெரியவர் விஷயத்தில் கிடைத்த பதில்தான் எங்களை உட்கார வைத்தது. "70 தாண்டிட்டாரே, கூடாதுன்னு போட்டிருக்கு. நிறுத்தச் சொல்லுவேன்" என்றார் ஒரு தம்பி. ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினைத் தானாக நிறுத்தினால் அந்த ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். அந்தத் தம்பி கவனமில்லாதவர் இல்லை, நன்றாகவே படித்தார். தலைப்பில் "முதன்மைத் தடுப்பு" என்று இருந்தது. முதன்மை என்றால் தமிழில் தலையாயது, முக்கியமானது. முக்கியமான தடுப்பு என்று அவர் எடுத்துக்கொண்டார். நோய் வருவதற்கு முன்னால் செய்யும் தடுப்பு என்ற பொருள் அந்தச் சொல்லில் எங்கேயும் தெரியவில்லை. துறைக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் அவர்கள் அதன் பின்னால் ஆங்கிலச் சொல்லைப் பார்க்கிறார்கள்.

அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, "மாரடைப்போ பக்கவாதமோ இதுவரை வராதவர்களுக்கு" என்று முழுதாக எழுதினோம். அதோடு, பக்கத்தின் உச்சியில், மூன்று பரிந்துரைகளுக்கும் முன்னால், ஒரு பெட்டி போட்டோம்: "மாரடைப்பு அல்லது பக்கவாதம் வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்தவர் ஆகியோருக்கு இந்தப் பக்கம் பொருந்தாது. அவர்களுடைய ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்லாதீர்கள்." ஒரு பரிந்துரை யாருக்கு என்பது, என்ன செய்ய வேண்டும் என்பதற்கு முன்னால் வர வேண்டும். அது தலைப்பில் ஒரு கலைச்சொல்லாக ஒளிந்துகொண்டிருந்தால் அவசரத்தில் படிக்கிற யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்தது வகுப்பு 3. இந்த எண் தமிழில் எப்படிப் படிக்கப்படும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் வகுப்பு உசத்தி, இரண்டாம் வகுப்பு அதற்குக் கீழே, மூன்றாம் வகுப்பு அதற்கும் கீழே. ஆகவே "மூன்றாம் வகுப்புப் பரிந்துரை" என்றால் அவ்வளவு முக்கியமில்லாத பரிந்துரை என்றுதான் சிலர் புரிந்துகொண்டார்கள். உண்மையில் அந்த ஏற்பாட்டில் 1, 2ஏ, 2பி ஆகியவை "செய்" என்ற பக்கத்தில் அழுத்தமானதிலிருந்து தயக்கமானது வரை இறங்குகின்றன. 3 அந்தப் படிக்கட்டிலேயே இல்லை. அது "பயனில்லை" அல்லது "தீங்கு" என்று திரும்பி நிற்கிறது. "தீங்கு" என்ற 3, வகுப்பு 1 அளவுக்கே அழுத்தமானது. எனவே எண்களை வரியிலிருந்து எடுத்துவிட்டு, "கூடாது: பயனைவிடத் தீங்கு அதிகம்" என்று சொல்லாகவே எழுதினோம். மூலத்தின் குறி பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். யாராவது மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் அது வேண்டும் என்பதால் அதைத் தூக்கி எறியவில்லை.

எழுத்துக் குறிகளிலும் இதே ஆபத்து உண்டு. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டியில் ஏ, பி, சி, ஈ என்பவை சான்றின் தரத்தை மட்டும் சொல்பவை. இதய நோய் வந்த சர்க்கரை நோயாளிக்கு ஆஸ்பிரின் கொடுங்கள் என்ற வரிக்கும் ஏ. இதய நோய் வராத, ஆபத்து கூடுதலான சர்க்கரை நோயாளிக்கு, நன்மை தீமை பேசிவிட்டு யோசிக்கலாம் என்ற வரிக்கும் ஏ. இரண்டுக்கும் உள்ள மலையளவு வித்தியாசம் முழுக்க வினைச்சொல்லில்தான் இருக்கிறது. அமெரிக்கத் தடுப்புச் சேவைக் குழு 2022ல் சொன்னதிலோ, சி, டி என்ற எழுத்துகள் பரிந்துரையைச் சொல்பவை: 40 முதல் 59 வயதில் ஆபத்து கூடுதலாக உள்ளவர்களுக்கு ஆளைப் பார்த்து முடிவு என்பதற்கு சி, 60க்கு மேல் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்பதற்கு டி. இரண்டு வழிகாட்டிகளின் தமிழ்ச் சுருக்கங்களை ஒரே கடையில் ஒட்டி வைத்தால், ஒன்றின் "சி" இன்னொன்றின் "சி" இல்லை என்று யார் சொல்வார்கள்? எழுத்தை மட்டும் எடுத்துப் போடுவதை நான் இப்போது முற்றிலும் எதிர்க்கிறேன்.

அப்புறம், சொற்களைப் பிரிக்கும் வேலை. ஆங்கிலத்தில் இரண்டு அளவுகளுக்கும் ஒரே பெயரடை புழங்குகிறது, தமிழிலும் நாம் அதே மாதிரி "வலுவான சான்று", "வலுவான பரிந்துரை" என்று எழுதுகிறோம். ஒரு பக்கத்தில் இரண்டும் வந்தால் வாசிப்பவர் மனத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. பட்டறைக்காரர் கேள்விக்கு ஒருவர் சொன்ன பதில் இதுதான்: "சான்று வலுவா இருக்கே, அப்ப தாராளமா கொடுக்கலாம்." நாங்கள் பரிந்துரைக்கு "உறுதி" என்றும் சான்றுக்கு "நம்பகம்" என்றும் வைத்துக்கொண்டு, ஒன்றை இன்னொன்றின் இடத்தில் ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் கடைசி வரை காத்தோம். வேறு இரண்டு சொற்கள் எடுத்தாலும் பரவாயில்லை. ஒன்றுக்கொன்று மாற்றாகப் படிக்க முடியாதவையாக இருந்தால் போதும்.

ஆனால் சொல்லைப் பிரித்தது மட்டும் போதவில்லை. நம்பகமான சான்று இருந்தும் ஏன் தயக்கம் என்று ஒரு வரியாவது சொல்லாவிட்டால் படிப்பவர் அதை அச்சுப்பிழை என்றே நினைக்கிறார். இதற்கு 2018ல் வந்த அசெண்ட் ஆய்வு நல்ல துணையாக இருந்தது. சர்க்கரை உள்ள, இதய நோய் வராத 15,480 பேரைச் சுமார் 7.4 ஆண்டுகள் பார்த்த ஆய்வு அது. பாதிப் பேருக்கு தினம் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின், பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்பு ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 8.5 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 9.6 சதவீதம் பேருக்கும் வந்தது. பெரிய ரத்தப்போக்கு ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 4.1 சதவீதம், மற்றவர்களில் 3.2 சதவீதம். சதவீதக் கணக்கை நாங்கள் இப்படி மாற்றினோம்: "1000 பேர் ஏழு ஆண்டுக்கு மேல் சாப்பிட்டால் சுமார் 11 பேருக்கு மாரடைப்பு போன்ற பாதிப்பு தவிர்க்கப்படுகிறது, சுமார் 9 பேருக்குப் பெரிய ரத்தப்போக்கு கூடுதலாக வருகிறது." இதைப் படித்த ஏற்காட்டுக் கடைக்காரர், "அப்ப ரெண்டும் நல்லாத் தெரியும். தெரிஞ்சதாலதான் தயங்குறாங்க" என்றார். 2பி-யும் ஏ-யும் ஒன்றாக இருப்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கம் எங்களிடம் இல்லை. தராசின் இரண்டு தட்டும் எவ்வளவு கனம் என்று துல்லியமாகத் தெரியும். அவை ஏறத்தாழச் சமமாக நிற்கின்றன.

மூன்றாவது வரியின் சிக்கல் இதற்கு நேர்மாறு. "சான்றின் நம்பகம்: குறைவு" என்று போட்டதும், தீங்கு வருமா என்றே சரியாகத் தெரியாது போல, சந்தேகத்தில் சொல்கிறார்கள் போல என்று படித்தார்கள். வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தம் கசிந்தவருக்கு ஆஸ்பிரின் கொடுத்துப் பார்ப்போம் என்று ஓர் ஆய்வை எளிதில் நடத்திவிட முடியாது. ஆஸ்பிரின் ஆய்வுகளில் அப்படிப்பட்டவர்களைப் பெரும்பாலும் முதலிலேயே விலக்கிவிடுவார்கள். அதனால்தான் அவர்களைப் பற்றிய நேரடித் தகவல் குறைவு. ஆஸ்பிரின் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கிறது, இரைப்பையின் பாதுகாப்புப் படலத்தையும் குறைக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எனவே நம்பகத்தைக் குறிக்கும் சொல்லுக்குப் பக்கத்திலேயே காரணத்தையும் வைத்தோம்: "நேரடி ஆய்வுகள் குறைவு, இவர்களை ஆய்வுகளில் சேர்ப்பது பாதுகாப்பானதல்ல. கூடாது என்பதில் உறுதி." இடம் இல்லை என்று குழுவில் ஒருவர் சொன்னார். இடம் வேண்டுமென்றால் முகவுரையைக் குறைக்கலாம், இதைக் குறைக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

வினைமுற்றுகளுக்குத்தான் அதிக நேரம் போனது. தமிழில் "-லாம்" ஒரே நேரத்தில் அனுமதி, வாய்ப்பு, யோசனை மூன்றையும் சொல்லும். "ஆஸ்பிரின் கொடுக்கலாம்" என்று எழுதினால் கடையில் நிற்பவருக்கு அது அனுமதிச் சீட்டு. முதல் வரி சொல்வது அதுவல்ல. மருத்துவர், அந்த ஆளுடைய நன்மை தீமைகளை எடைபோட்டு, தேவைப்பட்டால் எடுக்க வேண்டிய முடிவு. "கருத்தில் கொள்ளப்படலாம்" என்று எழுதினாலோ யார் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதே காணாமல் போகிறது. தமிழ் வினைக்கு எழுவாய் கொடுத்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். எங்கள் வரி இப்படி முடிந்தது: "தொடங்குவதா வேண்டாமா என்பதை, ஆளைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். எல்லாருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது." 2ஏ வந்திருந்தால் "செய்வது பொருத்தம்" என்றும், 1 வந்திருந்தால் "செய்ய வேண்டும்" என்றும் எழுத முன்கூட்டியே ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தோம். ஒரே வகுப்புக்கு ஒரே முடிவு. நடைக்காக அழகாக மாற்றி எழுதும் ஆசையை இந்த வகை எழுத்தில் அடக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது வரியில் "வழக்கமாக" என்ற சொல் இருக்கிறதே, அது சின்னதாகத் தெரிந்தாலும் தொல்லை கொடுத்தது. "70 தாண்டியவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கக் கூடாது" என்றால் சிலர், தினமும் கொடுக்கக் கூடாது, ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாம் என்று எடுத்துக்கொண்டார்கள். "எல்லாருக்கும் கொடுக்கக் கூடாது" என்று மாற்றினால் அது இன்னும் மோசம். எல்லாருக்கும் என்று இல்லை, சிலருக்கு மட்டும் என்றும் படிக்கலாம். ஒருவருக்கும் கூடாது என்றும் படிக்கலாம். கடைசியில் இரண்டு வாக்கியமாக உடைத்தோம்: "70 வயதைத் தாண்டியவருக்கு, மாரடைப்பு வராமல் இருக்கட்டும் என்று பொதுவாக ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. விதிவிலக்கு இருந்தால் அதை மருத்துவர் சொல்வார்."

சரி, அந்த 72 வயது அம்மா. அவர் இரண்டு வரிகளில் மாட்டுகிறார்: வயது 70ஐத் தாண்டியது, கூடவே டைக்ளோஃபெனாக். வலி மாத்திரைகள், ஸ்டீராய்டு, வார்ஃபரின் போன்றவற்றைச் சேர்த்து எடுப்பது, முன்பு குடல் புண் அல்லது ரத்தக்கசிவு இருந்தது, நாள்பட்ட சிறுநீரக நோய், தட்டணுக் குறைவு ஆகியவற்றை வழிகாட்டியே ரத்தப்போக்கு ஆபத்தாகச் சொல்கிறது. ஆனால் அவரை என்ன செய்வது? வழிகாட்டியின் வரி கொடுப்பதைப் பற்றிப் பேசுகிறது. ஏற்கெனவே பல காலமாகச் சாப்பிடுகிறவரைக் கடையிலேயே நிறுத்தச் சொல்லலாமா என்பது வேறு கேள்வி. அவருக்கு எப்போதோ ஒரு சின்ன பக்கவாதம் வந்து, அதை "கை மரத்துப் போச்சு" என்று மட்டும் அவர் நினைவில் வைத்திருக்கலாம்.

இங்கேதான் நாங்கள் மூலத்தில் இல்லாததைச் சேர்க்க வேண்டியிருந்தது. சேர்த்தோம், ஆனால் தனியாக. பக்கத்தின் கீழே கோடு போட்டு, "கடைக்கான குறிப்பு, இதை எழுதியது மொழிபெயர்ப்புக் குழு, வழிகாட்டி அல்ல" என்று தலைப்பிட்டு, அதற்கு எந்தத் தரக்குறியும் இடவில்லை. மூலத்தின் தரக்குறிகள் நம்முடைய நல்லெண்ணத்துக்கும் சேர்த்துப் பொருந்துவது போலத் தோன்றிவிட்டால் அது படிப்பவரை ஏமாற்றுவதாகும். குறிப்பு சொல்வது இவ்வளவுதான்: யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். மாரடைப்பு, பக்கவாதம், ஸ்டென்ட், பைபாஸ் உண்டா என்று கேளுங்கள். வேறு என்ன மாத்திரை எடுக்கிறார் என்று கேளுங்கள். மலம் தார் போலக் கறுத்துப் போகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் அதை முடிவு செய்யும் இடம் கடை அல்ல. மற்றபடி, நீங்களாக நிறுத்தச் சொல்லாமல், எடுக்கும் மருந்துகளின் பெயரை ஒரு சீட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்க்கும் சோதனையையும் செய்தோம். முதல் வரைவு அதில் நன்றாகவே தேறியது. திரும்ப மாற்றியவர் துறை தெரிந்தவர். "முதன்மைத் தடுப்பு" என்றதும் சரியான ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிட்டார், "மூன்றாம் வகுப்பு" என்றதும் அதையும். ஸ்டென்ட் வைத்தவரை நிறுத்தச் சொல்ல வைத்த அதே பக்கம், அந்தச் சோதனையில் பிழையில்லாமல் வெளியே வந்தது. இந்த மாதிரிப் பக்கத்துக்கு அந்தச் சோதனையை மட்டும் நம்புவது போதாது என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன். எண்ணும் அளவும் மாறிவிட்டதா என்று பார்க்க அது உதவும். 75 என்பது 750 ஆகவில்லை, "கூடாது" விட்டுப் போகவில்லை என்று உறுதி செய்ய உதவும். படிப்பவர் என்ன செய்வார் என்பதை அது காட்டாது.

மாற்றிய பக்கத்தை, முதல் வரைவைப் பார்க்காத வேறு கடைகளில் அதே மூன்று பேரை வைத்துச் சோதித்தோம். ஸ்டென்ட் வைத்தவரை நிறுத்தச் சொன்னவர் இந்தமுறை இல்லை. அந்த அம்மாவைப் பற்றிக் கேட்டபோது பெரும்பாலானவர்கள் முதலில் கையில் எடுத்தது முட்டி வலி மாத்திரையைத்தான். பட்டறைக்காரர் விஷயத்தில் இன்னும் தயக்கம் இருந்தது. ஒருவர் "சிகரெட்டை முதல்ல விடுங்கண்ணா, ஆஸ்பிரின டாக்டர்கிட்ட கேளுங்க" என்றார், இன்னொருவர் "சர்க்கரை இருக்கு, கொடுத்திடலாம்" என்றார். அந்த இரண்டாவது பதிலுக்காக முதல் வரியில் "சர்க்கரை நோய் மட்டும் இருப்பது போதிய காரணம் ஆகாது" என்று சேர்க்கலாமா என்று குழுவில் பேச்சு வந்தது. அந்த வாக்கியம் வழிகாட்டியின் அந்த மூன்று வரிகளில் இல்லை. அதனால் அதைக் கோட்டுக்குக் கீழே, தரக்குறி இல்லாத கடைக்கான குறிப்பில் எழுதினோம். பக்கத்தின் அடியில் மூல வழிகாட்டியின் ஆண்டையும், நாங்கள் சரிபார்த்த மாதத்தையும் போட்டு, மூலம் மாறினால் இந்தத் தாளைக் கழற்றிவிடுங்கள் என்று எழுதித்தான் கடைகளுக்குக் கொடுத்தோம்.